நீருக்கும் நீரிலும்: பூச்சிமருந்துத் துண்டறிக்கைகளின் தமிழாக்கத்தில் பெயர், அளவு, எச்சரிக்கை

முன்னுரை

தமிழில் மொழிபெயர்ப்புத் திறனாய்வு பெரும்பாலும் இலக்கிய ஆக்கங்களைச் சுற்றியே வளர்ந்துள்ளது. மூலத்தின் தொனி வந்ததா, நடை வந்ததா என்பனவே அதன் வழக்கமான வினாக்கள். உழவருக்கான பூச்சிமருந்துத் துண்டறிக்கை அந்த வினாக்களுக்குள் அடங்காத ஒரு பனுவல். அதைப் படிப்பவர் படித்து முடித்ததும் ஒரு செயலைச் செய்கிறார். புட்டியைத் திறந்து, அளந்து, நீருடன் கலந்து, முதுகில் சுமந்து தெளிக்கிறார். மொழிபெயர்ப்பில் ஓர் உருபு தவறினால் அந்தத் தவறு வாசகரின் கையிலும் தோலிலும் மூச்சிலும் போய்ச் சேர்கிறது. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களிலும் கூலித் தொழிலாளர்களிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அத்துயரத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும் புட்டியின் மேல் உள்ளதையும் அதனுடன் வரும் தாளில் உள்ளதையும் தெளிப்பவர் எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்ற வினாவை அது தவிர்க்க முடியாததாக்கியது.

இவ்வினா தாயகத்துக்கு மட்டும் உரியதன்று. சிட்னி மாநகரின் மேற்குப் பகுதியில் செவன் ஹில்ஸ், துங்காபி, வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் ஆகிய புறநகர்களில் ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த தமிழர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சிட்னிப் படுகையின் காய்கறித் தோட்டங்கள் பல மொழிகள் பேசும் புலம்பெயர்ந்தோரின் உழைப்பில் நடைபெறுபவை. இச்சூழலில் ஆங்கில அறிவுரைத் தாள் ஒன்றைத் தமிழாக்குபவர் மூன்று வழக்குகளுக்கு நடுவே நிற்கிறார். தமிழக வேளாண்மைத் துறையின் சொற்கள் ஒருபுறம். இலங்கை அரச வழக்கின் சொற்கள் மறுபுறம். ஆஸ்திரேலியச் சட்டமும் அங்கு விற்கும் புட்டியும் இன்னொரு புறம். இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடங்களைப் பெயர், அளவு, எச்சரிக்கை என்னும் மூன்று தலைப்புகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தகைய தமிழாக்கத்தை அதன் சொற்களால் அல்லாமல் வாசகர் அளந்து எடுக்கும் அளவால் மதிப்பிட வேண்டும் என்பதே இதன் கருத்து.

1. பெயர்

முதற் சிக்கல் பொதுப்பெயரிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பெஸ்டிசைடு என்பது பூச்சி, களை, பூஞ்சாணம், எலி அனைத்துக்கும் எதிரான பொருள்களைக் குறிக்கும் பேரினப் பெயர். இன்செக்டிசைடு அதன் ஓர் உட்பிரிவு. தமிழக வழக்கில் 'பூச்சிக்கொல்லி' என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகிறது. இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1968ஆம் ஆண்டின் இந்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் களைக்கொல்லியையும் பூஞ்சாணக்கொல்லியையும் அப்பெயரின் கீழேயே அடக்குகிறது. இலங்கை வழக்கோ 'பீடைநாசினி' என்ற பேரினப் பெயரைக் கொண்டு, அதன் கீழ்ப் 'பூச்சிநாசினி', 'களைநாசினி' எனப் பிரிக்கிறது. பயிருக்குத் தீங்கு செய்யும் எதையும் 'பீடை' என்பதால் இப்பிரிவு ஆங்கிலப் பிரிவோடு நன்கு ஒத்துவருகிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவ்வேறுபாடு சட்ட விளைவு உடையது. தொழில்முறையில் பெஸ்டிசைடு பயன்படுத்துபவர் ஒவ்வொரு தெளிப்பையும் 24 மணி நேரத்திற்குள் ஆங்கிலத்தில் பதிவு செய்து, அப்பதிவை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இவ்விதியைப் 'பூச்சிக்கொல்லி தெளித்தால் பதிவு செய்க' என மொழிபெயர்த்தால், வரப்பில் களைக்கொல்லி மட்டும் தெளித்த ஒருவர் விதி தமக்கு உரியதன்று என்றே கருதுவார். அகராதி இத்தமிழாக்கத்தைச் சரி என்னும், விதியோ மீறப்பட்டிருக்கும். 'பீடைநாசினி' என்பது தமிழக வாசகருக்குப் பழக்கமற்ற சொல்லாதலால் அதை மட்டும் இடுவதும் போதாது. 'பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, எலிக்கொல்லி ஆகிய எதைப் பயன்படுத்தினாலும்' என விரித்து எழுதுவதே இரு நாட்டவருக்கும் பொருந்தும். இங்குச் சொற்சிக்கனம் ஒரு குறை.

இவ்விரு வழக்குகளுக்கும் அடியில் பொதுவான ஒரு பேச்சுச் சொல் உள்ளது. யாழ்ப்பாணத்திலும் தஞ்சையிலும் உழவர் சொல்வது 'மருந்து அடித்தல்' என்பதே. பயிர் நோயாளி, தெளிப்பது மருந்து என்ற உருவகத்தில் தெளிபொருள் நன்மை செய்வதாகிவிடுகிறது. 'மருந்து குடித்துவிட்டார்' என்ற தற்கொலைச் செய்தியில் மட்டுமே அது நஞ்சாகிறது. துண்டறிக்கை இச்சொல்லை முற்றிலும் விலக்கினால் வாசகரிடமிருந்து அந்நியப்படும். தடையின்றி ஏற்றால் எச்சரிக்கைப் பகுதியின் வலிமை குறையும். கலக்கும், தெளிக்கும் செயல்களைச் சொல்லும் இடத்தில் 'மருந்து' என்றும், தோலில் படுதல், குழந்தைகள் எடுத்தல், புட்டியை எறிதல் ஆகியவற்றைச் சொல்லும் இடத்தில் 'நஞ்சு' என்றும் ஒரே பொருளை இரு பெயரால் சுட்டுவது மூலத்தில் இல்லாத வேறுபாடுதான். எனினும் தமிழ்வாசகருக்கு அது தேவையானது.

சிறப்புப் பெயர்களில் சிக்கல் எழுத்திலிருந்து வருகிறது. தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றே மூன்று ஒலிகளுக்கு நிற்கிறது. பென்தியான் என்பது பூச்சிகளைக் கொல்லும் பாஸ்பரஸ் சேர்மம். பென்தியோகார்ப் நெல்வயல் களைக்கொல்லி. முதற்பெயரின் தொடக்க ஒலி உதட்டை உரசுவது, இரண்டாவதன் ஒலி உதட்டை வெடிப்பது. தமிழ் எழுத்தில் இரண்டும் 'பென்தி' என்றே தொடங்குகின்றன. 'ஃபென்தியான்' என ஆய்தமிட்டு எழுதினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கார்பென்டாசிம் பூஞ்சாணக்கொல்லி, கார்போபியூரான் மிகக் கொடிய பூச்சிக்கொல்லி. நாவில் தொலைவில் நிற்கும் இவையும் அவசரமாகப் படிக்கும் கண்ணுக்கு நெருங்கியவை.

இதற்குத் தீர்வு தனித்தமிழ்ப் பெயர் படைப்பதன்று. உழவர் துண்டறிக்கையில் கண்ட பெயரைக் கடையில் புட்டியின் மேல் தேடுகிறார். நஞ்சுண்டவருக்கு மருத்துவம் செய்பவரும் அதே புட்டியிலுள்ள பெயரையே தேடுகிறார். ஆகவே தமிழ் எழுத்துப் பெயர்ப்புக்கு அருகில் நச்சுப்பொருளின் பொதுப்பெயரைப் புட்டியில் உள்ளபடியே உரோமன் எழுத்திலும் அச்சிடுவது இன்றியமையாதது. ஆங்கிலம் படிக்க அறியாதவரும் எழுத்தின் உருவத்தை உருவத்தோடு பொருத்திப் பார்க்க இயலும். ஆங்கிலத்தில் பதிவேடு எழுத வேண்டிய சிட்னித் தோட்டக்காரருக்கு அதுவே எழுதிக்கொள்ளும் மாதிரியும் ஆகும். வணிகப்பெயர் மட்டும் தரும் துண்டறிக்கை இப்பயன் எதையும் தராது. ஒரே வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு வேறு பொருளையோ வேறு செறிவையோ குறிக்கலாம்.

2. அளவு

2.1 உருபும் விகிதமும்

இப்பனுவல் வகையின் மையம் அளவு வாக்கியமே. இங்குத் தமிழின் வேற்றுமை உருபு கணிதக் குறியின் வேலையைச் செய்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் களை அறிவுரைகளில் மரக்களைகளுக்கு அடிக்கடி வரும் பரிந்துரை ஒன்றைக் காணலாம். லிட்டருக்கு 360 கிராம் கிளைபோசேட் உள்ள கரைசலில் ஒரு பங்கும், நீரில் ஒன்றரைப் பங்கும் கலந்து, மரத்தை வெட்டியவுடன் அடிக்கட்டையின் வெட்டுமுகத்தில் தடவ வேண்டும். மேற்கு சிட்னியில் பரவியுள்ள ஆப்பிரிக்க ஒலிவ மரம் இம்முறை பயன்படும் களைகளில் ஒன்று. இதைத் தமிழில் மூன்று வகையாகச் சொல்ல இயலும்.

'ஒன்றரைப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து' என்பது முதல் வகை. 'கு' உருபு இரு பொருள்களைத் தனித்தனியே எதிரெதிராக நிறுத்துகிறது. 100 மில்லிலிட்டர் மருந்துக்கு 150 மில்லிலிட்டர் நீர். கலவை 250 மில்லிலிட்டர். இதுவே மூலத்தின் பொருள். 'ஒன்றரைப் பங்கில் ஒரு பங்கு மருந்து' என்பது இரண்டாம் வகை. 'நான்கில் ஒன்று' என்பது போல 'இல்' உருபு முழுமையிலிருந்து ஒரு கூற்றைப் பிரிக்கிறது. இப்போது 150 மில்லிலிட்டர் கலவையில் 100 மருந்து, 50 மட்டுமே நீர். முதற் கலவையில் மருந்து 40 விழுக்காடு. இரண்டாவதில் ஏறத்தாழ 67 விழுக்காடு. மூன்றாவது வகை '1:1.5' என எண்ணை மட்டும் விடுவது. அதில் எது மருந்து, எது நீர், இரண்டாம் எண் நீரா மொத்தமா என்ற மூன்று முடிவுகளும் வாசகரிடம் விடப்படுகின்றன. மூலத்திற்கு மிக நெருக்கமாகத் தோன்றும் இவ்வகையே மிகக் குறைவாக மொழிபெயர்ப்பது.

'ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிலிட்டர்' என்று எழுதினால் இச்சிக்கல் எழாதே எனலாம். உண்மைதான். நீர் மிகுந்து மருந்து மிகக் குறையும்போது 'நீருக்கு' என்பதும் 'நீரில்' என்பதும் ஒரே அளவையே தருகின்றன. 1000 மில்லிலிட்டரா 1002 மில்லிலிட்டரா என்பது வயலில் பொருட்டன்று. அதனால்தான் இவ்விரு உருபுகளும் துண்டறிக்கைகளில் வேறுபாடின்றி மாறிமாறி வருகின்றன, யாரும் கவனிப்பதில்லை. அப்பழக்கம் செறிந்த கலவையைச் சொல்லும் வாக்கியத்திற்குள் நுழையும்போதுதான் கேடு நேர்கிறது. ஆகவே துண்டறிக்கை முழுவதிலும் ஒரே அமைப்பைக் கைக்கொள்ள வேண்டும். சேர்க்கும் நீரைச் சொல்ல 'நீருக்கு'. கலவையின் இறுதி அளவைச் சொல்ல 'மொத்தம் இத்தனை லிட்டர் ஆகும்வரை நீர் ஊற்றுக' என்ற தனி வாக்கியம். 'இல்' உருபை அளவு வாக்கியங்களிலிருந்து விலக்கிவிடலாம்.

2.2 ஒரு விழுக்காடு, மூன்று பொருள்

விழுக்காட்டுக் குறியும் இதற்கிணையான இடர் உடையது. தமிழகப் பயிர்ப்பாதுகாப்புத் தாள் ஒன்றில் 'டைமெத்தோயேட் 30 இ.சி. 0.03 சதவீதம்' என்ற பரிந்துரையும், அதற்கு அடுத்த வரியில் 'வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம்' என்பதும் அருகருகே வருவது இயல்பு. இங்கு மூன்று விழுக்காடுகள் உள்ளன. மூன்றும் வேறுவேறு.

30 என்பது புட்டியில் உள்ள திரவத்தில் நச்சுப்பொருளின் பங்கு. 0.03 என்பது தெளிப்பானில் உள்ள கலவையில் அதே நச்சுப்பொருளின் பங்கு. 30ஐ 0.03 ஆக்க ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். எனவே லிட்டர் நீருக்கு 1 மில்லிலிட்டர், 10 லிட்டர் தெளிப்பானுக்கு 10 மில்லிலிட்டர். வேப்பங்கொட்டை வரியில் உள்ள 5 விழுக்காடோ நச்சுப்பொருளையே குறிப்பதில்லை. 5 கிலோ பருப்பை இடித்து, நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்குவதே அதன் பொருள். அங்கு விழுக்காடு எடுத்துக்கொண்ட மூலப்பொருளின் எடை.

வேப்பங்கொட்டை வரியை நன்கறிந்த உழவர் அதே முறையில் மேல்வரியைப் படித்தால் என்ன ஆகும்? 0.03 விழுக்காடு என்பது 10 லிட்டருக்கு 3 மில்லிலிட்டர் மருந்து எனக் கொள்வார். அது வேண்டிய அளவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. பூச்சி சாகாது. அடுத்த முறை அவர் தாளை நம்பாமல் கண்ணளவாக ஊற்றுவார். குறைந்த அளவு பாதுகாப்பானது எனத் தோன்றினும், அதன் விளைவு பெரும்பாலும் மிகுந்த அளவே. மருந்தைத் தாங்கிப் பிழைத்த பூச்சிகள் பெருகுவது மற்றொரு விளைவு.

மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது தெளிவு. புட்டியின் செறிவைப் பெயரின் பகுதியாகவே விட வேண்டும். ஏனெனில் கடையில் கேட்க அது வேண்டும். கலவையின் விழுக்காட்டை மொழிபெயர்க்காமல் கணக்கிட்டு, 'லிட்டர் நீருக்கு 1 மில்லிலிட்டர்' என மாற்ற வேண்டும். சாற்றின் விழுக்காட்டை '100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு' எனப் பிரித்துச் சொல்ல வேண்டும். கணக்கிடுவது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று என்ற மறுப்பு எழலாம். கணக்கை ஒருவர் செய்தே ஆக வேண்டும். மேசையில் அமர்ந்து சரிபார்க்கக் கூடியவர் செய்யாவிடில், வரப்பில் நிற்பவர் அதைச் செய்ய வேண்டியதாகும். ஆயினும் கணக்கிட்ட எண்ணை வேளாண் வல்லுநர் ஒருவரின் ஒப்புதலின்றி அச்சிடக் கூடாது என்பது இதனோடு சேர்ந்த வரம்பு.

2.3 ஓர் எக்டரிலிருந்து ஒரு தெளிப்பான் வரை

இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்துக்கு இந்தியாவில் பருத்தியின் சாறுண்ணும் பூச்சிகளுக்கெனத் தரப்படும் பரிந்துரை எக்டருக்கு 100 முதல் 125 மில்லிலிட்டர் மருந்து, 500 முதல் 700 லிட்டர் நீர் என்பது. சொல்லுக்குச் சொல் தமிழாக்க இதில் இடர் ஏதுமில்லை. ஆனால் தமிழக உழவரின் நிலம் ஏக்கரில் எண்ணப்படுகிறது. ஈழத்தவர் பலருக்குப் 'பரப்பு' இன்றும் வாழும் அளவை. தெளிப்பானோ 10 அல்லது 16 லிட்டர் கொள்வது. இவ்வாக்கியத்திலிருந்து கைக்கு வர மூன்று படிகள் உள்ளன.

குறைந்த அளவான 100 மில்லிலிட்டருக்கு 500 லிட்டர் நீர் எனக் கொள்வோம். ஓர் எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எனவே ஏக்கருக்கு 40 மில்லிலிட்டர் மருந்து, 200 லிட்டர் நீர். 200 லிட்டர் என்பது 10 லிட்டர் தெளிப்பானில் 20 முறை. ஆகவே ஒரு தெளிப்பானுக்கு 2 மில்லிலிட்டர். தேக்கரண்டியின் பாதிக்கும் குறைவான அளவு இது. மூடியால் அளப்பவருக்கு மூடியின் அடி நனையும் அளவுதான். இங்கு 'அளவுக்குழாயால் அல்லது மருந்தூசிக் குழலால் அளக்கவும்' என்ற ஒரு தொடரை மொழிபெயர்ப்பாளர் சேர்க்காவிடில், சரியான எண்ணும் பயனற்றது. அவ்வாறு அளக்கும் கருவியை வேறு எதற்கும் பயன்படுத்தலாகாது என்பதும் உடன் வர வேண்டும்.

தவறு நேர்ந்ததை அறியும் வழியையும் இதே கணக்கு தருகிறது. ஏக்கருக்கு 20 தெளிப்பான் என்றிருக்க, ஒருவர் 10இலேயே முடித்துவிட்டால், அவர் வேகமாக நடந்திருக்கிறார். பயிருக்குப் பாதி மருந்தே போயிற்று. 30 ஆனால் ஒன்றரை மடங்கு போயிற்று. லிட்டருக்கு இத்தனை என்று மட்டும் சொல்லும் துண்டறிக்கையில் இப்பிழையைக் காண வழியில்லை. லிட்டர் அளவையும் ஏக்கருக்கான தெளிப்பான் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வதில் உழவருக்குத் தம்மைத் தாமே சோதிக்கும் கருவி கிடைக்கிறது. விசைத்தெளிப்பான் பயன்படுத்துபவருக்கு நீர் மிகக் குறைவாகவே செல்லும் என்பதால், மேற்கண்ட லிட்டர் அளவு கைத்தெளிப்பானுக்கு மட்டுமே உரியது என்பதையும் குறித்தாக வேண்டும்.

2.4 எண் கடல் கடக்கும்போது

சிட்னியில் இதே இமிடாகுளோபிரிட் 'லிட்டருக்கு 200 கிராம்' எனக் குறிக்கப்பட்டு விற்கப்படுகிறது. 17.8 என்பதும் 200 என்பதும் வேறு செறிவுகள் போலத் தோன்றும். ஆனால் இந்திய எண் எடைக்கு எடை. ஒரு லிட்டர் திரவத்தின் எடை ஏறத்தாழ 1.12 கிலோ ஆதலால், அதில் 17.8 விழுக்காடு 200 கிராமே. எண் மாறியும் பொருள் மாறவில்லை.

குளோர்பைரிபாஸில் நிலைமை தலைகீழ். இந்தியாவில் பரவலாக வழங்கியது 20 விழுக்காட்டுக் குழம்பு. ஆஸ்திரேலியாவில் வழங்கியது லிட்டருக்கு 500 கிராம். ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ்த் துண்டறிக்கையின் 'லிட்டருக்கு 2 மில்லிலிட்டர்' என்ற பரிந்துரையை ஆஸ்திரேலியப் புட்டிக்குப் பொருத்தினால் நச்சுப்பொருள் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அந்நாட்டில் இம்மருந்தின் பெரும்பாலான பயன்பாடுகள் 2024இல் இரத்து செய்யப்பட்டதால், அளவைச் சரிசெய்தாலும் அப்பரிந்துரை செல்லாது. தமிழ்த் துண்டறிக்கையின் மொழி எல்லை கடக்கும். அதன் எண் எல்லை கடக்காது. எந்த நாட்டுக்கு, எந்தச் செறிவுக்கு, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதற்பக்கத்திலேயே அச்சிடுவது இவ்வகைப் பனுவலின் உயிர்நிலைகளில் ஒன்று.

3. எச்சரிக்கை

இந்திய விதிகளின்படி மருந்துப் புட்டியில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல், கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பும் மஞ்சளும் 'பாய்சன்' என்ற சொல்லையும், நீலம் 'டேஞ்சர்' என்ற சொல்லையும், பச்சை 'காஷன்' என்ற சொல்லையும் பெறும். மண்டையோட்டுக் குறி சிவப்புக்கு மட்டும் உரியது. வாய்வழி நச்சுத்தன்மை அளவைக் கொண்டு இவை பிரிக்கப்படுகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை பாதி விலங்குகளைக் கொல்லுமாயின் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. ஆஸ்திரேலியாவில் வரிசை வேறு. மிகக் கொடியது 'டேஞ்சரஸ் பாய்சன்', அடுத்தது 'பாய்சன்', அதற்கும் அடுத்தது 'காஷன்'.

இச்சொற்களுக்குத் தனித்தனியே பொருள் இல்லை. வரிசையில் அவை நிற்கும் இடமே பொருள். இதை மறந்து 'பாய்சன்' என்பதை 'நஞ்சு' என்றும், 'டேஞ்சர்' என்பதை 'அபாயம்' என்றும் பெயர்த்தால் அகராதி ஒப்பும். ஆனால் வரிசை குலையும். தமிழகத்தில் 'அபாயம்' என்ற சொல் மின்மாற்றிகளின் மேல் மண்டையோட்டுடன் எழுதப்பட்டு மக்கள் மனத்தில் பதிந்தது. அதனால் மூன்றாம் படியில் உள்ள நீலப்புட்டி, முதற்படியின் அச்சத்தைப் பெறுகிறது. 'நஞ்சு' என்பதோ இலக்கிய வழக்குச் சொல்லாகத் தோன்ற, சிவப்புப்புட்டி அதைவிட மென்மையாகிறது. ஆஸ்திரேலியத் தாளில் 'டேஞ்சரஸ் பாய்சன்' என்பதை 'அபாயகரமான நஞ்சு' எனப் பெயர்த்துவிட்டு, இந்தியத் தாளில் 'அபாயம்' என்பதை மூன்றாம் படிக்கு வழங்கினால், இரு நாட்டுத் தாள்களையும் காணும் ஒரே குடும்பத்தில் குழப்பம் உறுதி. 'மிகக் கொடிய விஷம் (நான்கில் முதல் நிலை, சிவப்பு)' என்றவாறு நிலையையும் நிறத்தையும் சொல்லோடு பிணைப்பதே தக்கது. 'விஷம்' வடசொல் என்பதற்காக அதை விலக்குவது இவ்விடத்தில் பொருந்தாது. அச்சொல்லைக் கேட்டவுடன் கை பின்வாங்குகிறது.

பாதுகாப்பு வாக்கியங்களில் மற்றொரு குறை, செயலைச் செய்பவர் மறைவது. 'தகுந்த பாதுகாப்பு உபகரணங்கள் அணியப்பட வேண்டும்' என்ற வாக்கியம் மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் கொண்டிருக்கிறது. ஆயினும் எது தகுந்தது என்பதை அது சொல்லவில்லை. பருத்திக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். முகத்தில் கட்டிய துண்டும் அவ்வாறே நனைந்து, உள்ளிழுக்கும் காற்றை நச்சாக்கும். துண்டு கட்டுவது தமிழ்நிலத்தின் வழக்கம்; அதைப் பாதுகாப்பாகவே பலர் எண்ணுகின்றனர். எனவே 'மருந்து ஊறாத நைட்ரில் கையுறை அணிக. துணிக் கையுறை வேண்டாம். துண்டால் முகத்தைக் கட்டுவது காப்பாகாது' என்று, மூலத்தில் இல்லாத மறுப்பையும் சேர்த்து எழுதுவதே மூலத்தின் நோக்கத்திற்கு உண்மையாக இருப்பது.

முதலுதவி வாக்கியம் இதன் உச்சம். 'வாந்தியைத் தூண்ட வேண்டாம்' என்பது பல புட்டிகளில் உள்ள அறிவுரை. எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பான் கலந்த மருந்து வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகக்கூடும் என்பது அதன் காரணம். ஆனால் சிற்றூரில் எவரும் தாம் 'வாந்தியைத் தூண்டுவதாக' எண்ணுவதில்லை. அவர்கள் சோப்புத் தண்ணீர் கொடுக்கிறார்கள்; உப்புக் கரைத்துக் கொடுக்கிறார்கள்; புளி கரைத்துக் கொடுக்கிறார்கள். தடை அவர்கள் செய்யும் செயலின் பெயரைச் சொல்லாதவரை அவர்களைச் சேராது. 'உப்புநீர், சோப்பு நீர், புளிக்கரைசல் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். தொண்டையில் விரல் விடாதீர்கள். புட்டியை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்' என்பதே அவ்வறிவுரையின் தமிழ் வடிவம். சிட்னியில் இதனுடன் நஞ்சுத் தகவல் நிலையத்தின் 13 11 26 என்ற எண்ணும் இடம்பெற வேண்டும்.

4. மதிப்பீட்டு முறை

இத்தகைய தமிழாக்கங்களைச் சரிபார்க்கப் பொதுவாகக் கையாளப்படும் முறை மறுமொழிபெயர்ப்பு. தமிழை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்துடன் ஒப்பிடுவார். மேற்கண்ட பிழைகளில் பலவற்றை இம்முறை காட்டாது. '1:1.5' திரும்பவும் '1:1.5' ஆகவே போகும். 'பூச்சிக்கொல்லி' திரும்பப் பெஸ்டிசைடாகவே ஆகும். 'அபாயம்' டேஞ்சராகவே ஆகும். 'தகுந்த கையுறை' ஒரு மாற்றமுமின்றி ஆங்கிலம் சேரும். இரு மொழியும் அறிந்தவர் இருவர் தமக்குள் உடன்படுவதை மட்டுமே அது மெய்ப்பிக்கிறது.

இதற்கு மாற்றாக மறு அளவீடு என்னும் முறையைக் கொள்ளலாம். துண்டறிக்கையின் தமிழ் வரைவைத் தமிழகத்தைச் சார்ந்த ஒருவரிடமும் ஈழத்தைச் சார்ந்த ஒருவரிடமும் தனித்தனியே கொடுத்து, மருந்துக்குப் பதில் வண்ணநீர் நிரம்பிய புட்டி, அளவுக்குழாய், 10 லிட்டர் வாளி ஆகியவற்றை முன்வைத்து, தாளில் கண்டபடி கலக்கச் சொல்ல வேண்டும். விளக்கம் ஏதும் தரலாகாது. புட்டியில் குறைந்த அளவை அளந்தால் வாக்கியத்தின் நிலை தெரியும். இருவரும் ஒரே அளவை எடுத்து, அது மூலத்தின் அளவாகவும் இருந்தால் வாக்கியம் தேறியது. ஒருவர் தயங்கி நின்று கேள்வி கேட்டால், அக்கேள்விக்கான விடையே வாக்கியத்தில் விடுபட்டது. அணிய வேண்டியவற்றைப் பல பொருள்களிலிருந்து எடுத்துக்காட்டச் சொல்வதாலும், ஒருவர் நஞ்சுண்டால் என்ன செய்வீர் எனக் கேட்டுச் செயலாகச் சொல்லவைப்பதாலும் மற்றப் பகுதிகளையும் இவ்வாறே சோதிக்கலாம். செவன் ஹில்ஸ் போன்ற இடத்தில் இரு வழக்கினரும் ஒரே தெருவில் கிடைப்பர் என்பது இம்முறைக்கு வாய்ப்பானது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மேசையில் சரியாக அளந்தவர் வெயிலில், காற்றில், கூலி நேரத்தின் நெருக்கடியில் அவ்வாறே அளப்பார் என்பதற்கு உறுதியில்லை. கையுறை கிடைக்காத ஊரில் கையுறை வாக்கியம் எவ்வளவு செம்மையாயினும் கையை மூடாது. அவை மொழியின் எல்லைக்கு வெளியே நிற்கும் காரணங்கள்.

முடிவுரை

இலக்கிய மொழிபெயர்ப்பில் மூலத்திற்கு விசுவாசம் என்பது சொல், நடை, தொனி ஆகியவற்றைப் பொறுத்தது. பூச்சிமருந்துத் துண்டறிக்கையில் அது அளவுக்குழாயின் கோட்டைப் பொறுத்தது. அங்குப் பேரினப் பெயரை விரித்துரைக்க வேண்டும். விழுக்காட்டைக் கணக்காக மாற்ற வேண்டும். 'கு' உருபையும் 'இல்' உருபையும் பிரித்தாள வேண்டும். எச்சரிக்கைச் சொல்லை அதன் வரிசையோடு கொண்டுவர வேண்டும். மூலம் சொல்லாத உள்ளூர் வழக்கத்தைப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் மூலத்தின் வாக்கியத்திலிருந்து விலகுவதே. அவ்விலகல்களை மொழிபெயர்ப்பாளர் தாமாகச் செய்யாமல், துண்டறிக்கையை வெளியிடும் துறையிடம் எழுத்தில் காட்டி ஒப்புதல் பெறும் நடைமுறை அமைய வேண்டும். தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வழங்கும் பயிர்ப்பாதுகாப்புச் சொற்களை அருகருகே நிறுத்தி, ஒவ்வொன்றும் எந்தச் செறிவுக்கும் எந்தச் சட்டப் பொருளுக்கும் உரியது எனக் குறிக்கும் ஓர் ஒப்பீட்டுச் சொல்லடைவு இப்பணிக்கு முதல் தேவை. அதைத் தொகுப்பவர் அகராதிகளோடு புட்டிகளையும் தம் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.